பாஸ்போர்ட்டின் அடியில் இரண்டு வரி

விமான டிக்கெட்டில் ஒருவரது பெயர் ‘கார்த்திக்’ என்று முடியாமல், பின்னால் இன்னும் மூன்று K-யோடு அச்சாகி வந்தது. அவர் அனுப்பியிருந்த பாஸ்போர்ட் படத்தில் அப்படி எதுவும் இல்லை. படத்தைப் படித்து விவரங்களைத் தானாக நிரப்பும் நிரல் அந்த மூன்று எழுத்துகளையும் தன் கைச்சரக்காகச் சேர்த்திருந்தது. நிரலை எழுதியவர்களில் நானும் ஒருவன். அதே படத்திலிருந்து எடுத்த காலாவதி தேதியில் ஒரு பிழையும் இல்லை. ஒரே படம், ஒரே எழுத்துரு, ஒரே நிரல். ஒரு வரி ஏமாற்றியது, இன்னொரு வரி ஏமாற்றவில்லை. ஏன் அப்படி என்பதுதான் இந்தக் கட்டுரையின் கேள்வி.

பாஸ்போர்ட்டின் விவரப் பக்கத்தில், படத்துக்கும் பெயருக்கும் கீழே, அம்புக்குறிகள் நிறைந்த இரண்டு வரிகள் இருக்கும். எல்லைச் சோதனையில் இயந்திரம் படிப்பது அந்த இரண்டைத்தான். இகாவோ என்று சுருக்கமாக அழைக்கப்படும் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 1968-இல் இதற்கெனக் குழு அமைத்தது; 1980-இல் ‘ஆவணம் 9303’ என்ற நெறிநூலின் முதல் பதிப்பு வந்தது. கையால் எழுதிய பாஸ்போர்ட்டுகளின் ஆயுள் 2015 நவம்பர் 24-உடன் முடியவேண்டும் என்று கெடு வைத்ததும் அதே அமைப்புதான். இன்று எந்த நாட்டுப் பாஸ்போர்ட்டை எடுத்தாலும் கணக்கு ஒன்றே: வரிக்கு 44 எழுத்து, இரண்டு வரி. பெரிய எழுத்து A முதல் Z, இலக்கம் 0 முதல் 9, வெற்றிடத்தை நிரப்ப `<`. இந்த 37 குறிகளைத் தவிர வேறொன்றும் அங்கே வராது.

யாருடைய பாஸ்போர்ட்டையும் இங்கே பிரித்துக் காட்டுவது முறையல்ல. மாதிரிகளுக்கென்றே இகாவோ ‘யுடோப்பியா’ என்று இல்லாத ஒரு நாட்டை வைத்திருக்கிறது. அதன் குறியீடு `UTO`. அந்த நாட்டுக் குடிமகனாக ஒரு கற்பனை அன்புச்செல்வன் கார்த்திக்கை எடுத்துக்கொள்வோம்.

```
P<UTOANBUSELVAN<<KARTHIK<<<<<<<<<<<<<<<<<<<<
UX64028171UTO8407236M3109188<<<<<<<<<<<<<<<6
```

முதல் வரியில் `P` என்றால் பாஸ்போர்ட். அடுத்த இடம் பாஸ்போர்ட்டின் உள்வகைக்கு. இங்கே அது காலி. பிறகு மூன்று இடம் வழங்கிய நாட்டுக்கு. மிச்சமுள்ள 39 இடமும் பெயருக்கு. இரட்டை அம்புக்குறிக்கு முன்னால் வருவது குடும்பப் பெயர், பின்னால் வருவது இயற்பெயர். ஒற்றை அம்புக்குறி வெறும் சொல் இடைவெளி.

இரண்டாம் வரியில் எல்லாமே இடக்கணக்கு. முதல் 9 இடம் பாஸ்போர்ட் எண். 10-ஆம் இடம் அந்த எண்ணுக்கான சரிபார்ப்பு இலக்கம். 11 முதல் 13 வரை குடியுரிமை. 14 முதல் 19 வரை பிறந்த தேதி, 20-இல் அதன் சரிபார்ப்பு இலக்கம். 21-இல் பாலினம். 22 முதல் 27 வரை காலாவதி தேதி, 28-இல் அதற்கான இலக்கம். அதன்பின் 14 இடம் நாடுகள் விருப்பப்படி பயன்படுத்திக்கொள்ள. பல நாடுகள் காலியாகவே விடுகின்றன. 43-ஆம் இடம் அந்தப் பகுதியின் சரிபார்ப்பு இலக்கம். பகுதி காலியென்றால் இதுவும் `<` ஆகவோ `0` ஆகவோ இருக்கலாம். கடைசி 44-ஆம் இடம் மொத்தத்துக்குமான சரிபார்ப்பு இலக்கம். தேதிகள் வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் இரண்டிரண்டு இலக்கமாக வரும். ஆக `310918` என்பது 2031 செப்டம்பர் 18.

படம் சரியாக வந்துவிட்டால் மேலே சொன்னது ஐந்து நிமிட வேலை. சிக்கல் படத்தில்தான். விமான நிலையக் கருவி இந்த வரிகளை அகச்சிவப்பு ஒளியில் பார்க்கிறது. எழுத்துகள் அந்த ஒளியில் கருப்பாகத் தெரியும் மையில் அச்சாகியிருக்கும். பின்னணியிலுள்ள வண்ணக் கோலங்கள் பெரும்பாலும் மறைந்துபோகும். கைபேசிக் கேமராவுக்கு அந்த வசதி கிடையாது. கோலமும் தெரியும், மேலே ஒட்டிய பிளாஸ்டிக் தாளில் ட்யூப் லைட்டும் தெரியும். போதாக்குறைக்கு, இந்த வரிகள் இருப்பது தையலுக்கு எதிர்ப்பக்க விளிம்பில். பக்கம் மூடிக்கொள்ளாமல் இருக்க எல்லோரும் கட்டைவிரலை வைத்து அழுத்துவதும் அங்கேதான்.

எழுத்துக்கு எழுத்து இடைவெளி 2.54 மில்லிமீட்டர். 44 எழுத்துக்கும் சேர்த்து வரி 112 மில்லிமீட்டருக்குச் சற்றே குறைவு. பக்கத்தின் அகலம் 125 மில்லிமீட்டர். 1,600 பிக்சல் அகலமுள்ள படத்தில் பாஸ்போர்ட் பக்கம் பாதி அகலத்தை மட்டும் அடைத்திருக்கிறது என்று வையுங்கள். ஓர் எழுத்துக்கு ஏறத்தாழ 16 பிக்சல் கிடைக்கும்; எழுத்துகளுக்கு நடுவிலுள்ள வெள்ளையைக் கழித்தால் இன்னும் குறைவு. அந்தப் பத்துப் பன்னிரண்டு பிக்சலுக்குள் `8`-க்கும் `B`-க்கும் வித்தியாசம் சொல்லியாகவேண்டும். படம் இரண்டு டிகிரி சாய்ந்திருந்தால் வரியின் ஒரு முனைக்கும் மறுமுனைக்கும் உயர வேறுபாடு கிட்டத்தட்ட 4 மில்லிமீட்டர். எழுத்தின் உயரமே அவ்வளவு இல்லை. எனவே எழுத்தறியும் நிரலிடம் படத்தைக் கொடுப்பதற்கு முன்னால் அந்தப் பட்டையைத் தேடிப்பிடித்து, நிமிர்த்தி, வெட்டியெடுத்தாகவேண்டும். அடர்த்தியான இரண்டு கருப்புப் பட்டைகள் பக்கத்தின் அடியில் நீளமாகக் கிடப்பதால் தேடுவது கடினமில்லை.

படிப்பதற்குப் பலரும் எடுப்பது `Tesseract`. அதன் வழக்கமான ஆங்கில மாதிரி புத்தகம் படித்துப் பழகியது. அம்புக்குறி வரிசையைக் கண்டதும் சொல்லாக்கப் பார்க்கும். இந்த வரிகள் ஓ.சி.ஆர்.-பி என்ற எழுத்துருவில் இருப்பதால் அதற்கெனப் பயிற்றுவித்த மாதிரியைப் போட்டு, 37 குறிகளைத் தவிர வேறெதையும் எழுதாதே என்று கட்டுப்படுத்தினால் பாதிக் கூத்து அடங்கும். மீதிப் பாதி இப்படி வந்து நிற்கும்:

```
P<UTOANBUSELVAN<<KARTHIK<<<<<<<<<<<<KK<<K<<
UXG40Z8171UTO8407236M31O9188<<<<<<<<<<<<<<6
```

எண்ணிப் பார்த்தால் இரண்டு வரியிலும் 43 எழுத்துதான். இது அடிக்கடி நடப்பது: நீளமான அம்புக்குறி வரிசையில் ஒன்றை விழுங்கிவிடும். நான் முதலில் செய்த தவறு, இரண்டு வரிக்கும் வலப்பக்கம் ஓர் அம்புக்குறியைச் சேர்த்து 44 ஆக்கியது. முதல் வரிக்கு அது பரவாயில்லை. அங்கே வால் முழுவதும் வெற்றிடம். இரண்டாம் வரிக்கு அப்படிச் செய்தால் மொத்தச் சரிபார்ப்பு இலக்கமான `6` தன் இடத்தைவிட்டு 43-க்கு நகர்ந்துவிடும். முதல் 28 இடத்தை இடப்பக்கத்திலிருந்தும், கடைசி இலக்கத்தை வலப்பக்கத்திலிருந்தும் எண்ணி, குறையை நடுவிலுள்ள காலிப் பகுதியில் ஈடுகட்டுவதே சரி.

இனி சரிபார்ப்பு இலக்கத்துக்கு வருவோம். கணக்கு எளிது. இலக்கத்துக்கு அதன் மதிப்பே, `A`-க்கு 10, `B`-க்கு 11 என்று போய் `Z`-க்கு 35, அம்புக்குறிக்குச் சுழியம். இடமிருந்து வலமாக 7, 3, 1, மறுபடி 7, 3, 1 என்று பெருக்கிக் கூட்டி, கூட்டுத்தொகையின் கடைசி இலக்கத்தை எடுத்தால் போதும். நம் காலாவதி தேதி `310918`: 21, 3, 0, 63, 3, 8. கூட்டினால் 98. கடைசி இலக்கம் 8. பாஸ்போர்ட்டில் 28-ஆம் இடத்திலும் 8. நிரலாக எழுதினாலும் மூன்றே வரி:

```python
def check(s):
    v = lambda c: 0 if c == '<' else int(c, 36)
    return sum(v(c) * (7, 3, 1)[i % 3] for i, c in enumerate(s)) % 10
```

நிரல் படித்தது `31O918`. சுழியம் இருக்கவேண்டிய இடத்தில் ஆங்கில `O`. அதன் மதிப்பு 24, பெருக்கும் எண் 1. கூட்டுத்தொகை 122 ஆகி இலக்கம் 2 என்று வருகிறது; 8-உடன் ஒத்துப்போகவில்லை. மாட்டிக்கொண்டது. தேதியில் எழுத்துக்கு இடமே இல்லை என்பதால் `O`-வைத் தயங்காமல் `0` ஆக்கலாம். ஆக்கினால் 98. சரி. தேதியில் எந்த ஓர் இலக்கம் வேறோர் இலக்கமாக மாறினாலும் இந்தக் கணக்கு கண்டுபிடித்தே தீரும், ஏனென்றால் 7, 3, 1 மூன்றுக்கும் 10-உடன் பொதுக் காரணி கிடையாது. தேதிக்கு இன்னொரு காவலும் உண்டு. மொத்தச் சரிபார்ப்பு இலக்கம் எண், பிறந்த தேதி, காலாவதி, விருப்பப் பகுதி எல்லாவற்றையும் அவற்றின் சரிபார்ப்பு இலக்கங்களோடு ஒரே சரமாகக் கோத்துக் கணக்கிடுவது. அந்தக் கோவையில் காலாவதி தேதி 18-ஆம் இடத்தில் தொடங்குவதால் அதன் முதல் இலக்கத்தைப் பெருக்குவது 7 அல்ல, 1. வேறு எடை என்றால் வேறு சாட்சி. இரண்டு பிழைகள் கூட்டுச் சேர்ந்து முதல் கணக்கை ஏமாற்றினாலும் இரண்டாவதையும் ஏமாற்றுவது அரிது.

பாஸ்போர்ட் எண்ணுக்கு இந்த அதிர்ஷ்டம் இல்லை. மொத்தக் கோவையில் முதலில் நிற்பது எண்தான். தனியாகக் கணக்கிடும்போது எந்த எடையோ, கோவையிலும் அதே எடை. தன் சொந்தக் கணக்கை ஏமாற்றிவிட்ட எண் மொத்தக் கணக்கையும் அதே மூச்சில் ஏமாற்றிவிடும். வரைவாளர்கள் கோவையை ஓர் இடம் தள்ளித் தொடங்கியிருந்தால் இந்த ஓட்டை இருந்திருக்காது. இரண்டு பூட்டு, ஒரே சாவி.

நம் எண்ணைப் பாருங்கள். இருக்கவேண்டியது `UX6402817`, படித்தது `UXG40Z817`. உண்மையான எண்ணின் கூட்டுத்தொகை 411. சரிபார்ப்பு இலக்கம் 1. படித்த எண்ணின் கூட்டுத்தொகை 454, இலக்கம் 4. தவறு இருப்பது தெரிகிறது. எங்கே என்று தெரியவில்லை. `Z`-ஐ `2` ஆக்கிப் பார்க்கிறோம்: 421. கடைசி இலக்கம் 1. பொருந்திவிட்டது! நிரல் நிம்மதியாக `UXG402817` என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடும். மூன்றாம் இடத்திலுள்ள `G` அப்படியே இருக்கிறது.

காரணம், `G`-யின் மதிப்பு 16. `6`-உக்கும் அதற்கும் வேறுபாடு சரியாக 10. பத்தை 7, 3, 1 எதனால் பெருக்கினாலும் கடைசி இலக்கம் மாறாது. ஆகவே இந்த முறைக்கு `G`-யும் `6`-உம் ஒரே எழுத்து. எழுத்தறியும் நிரல் அடிக்கடி குழப்பிக்கொள்ளும் மற்ற ஜோடிகள் எல்லாம் மாட்டிக்கொள்கின்றன: `B`-யும் `8`-உம், `S`-உம் `5`-உம், `I`-யும் `1`-உம், `Z`-உம் `2`-உம். `G` மட்டும் தப்பிக்கிறது. அதே காரணத்தால் மதிப்பு 20 உள்ள `K`-யும் மதிப்பு சுழியமான `<`-உம் கணக்குக்கு ஒன்றே. மங்கலான படத்தில் அம்புக்குறிக்கு இடப்பக்கம் ஒரு கோடு ஒட்டிக்கொண்டால் அது `K`. எட்டெழுத்து எண் உள்ள பாஸ்போர்ட்டில் ஒன்பதாம் இடம் `<` ஆக இருக்கும். அது `K` ஆகப் படிக்கப்பட்டால் எண் ஓர் எழுத்து நீண்டுவிடும், சரிபார்ப்பு இலக்கம் வாய் திறக்காது. கையால் தட்டச்சு செய்பவர்களுக்கு இன்னொரு பொறி: பக்கத்துப் பக்கத்து இலக்கங்கள் இடம் மாறினால், அவற்றின் வேறுபாடு 5 ஆக இருந்தால் கணக்கு கவனிக்காது. 27-க்குப் பதில் 72, 16-க்குப் பதில் 61.

இதிலிருந்து நான் கற்றுக்கொண்டது, சரிபார்ப்பு இலக்கத்தைத் திருத்தும் கருவியாகப் பயன்படுத்தக்கூடாது என்பது. பொருந்தும்வரை எழுத்தை மாற்றிக்கொண்டே போனால் பத்தில் ஒன்று தற்செயலாகவே பொருந்தும். சந்தேகமுள்ள எழுத்து மூன்று, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வாய்ப்பு என்றால் எட்டு எண்கள். அவற்றில் தவறான ஒன்று தேறிவருவது வியப்பில்லை. எழுத்து மட்டும் வரக்கூடிய இடம், இலக்கம் மட்டும் வரக்கூடிய இடம் என்று தெரிந்த இடங்களில் முதலில் திருத்தவேண்டும். எண்ணைப் பொறுத்தவரை வழங்கிய நாட்டின் வடிவம் கைகொடுக்கும்: இந்தியப் பாஸ்போர்ட் என்றால் ஓர் எழுத்து, பின் ஏழு இலக்கம், பின் `<`. அங்கே மூன்றாம் இடத்தில் `G` வந்தால் அது `6` என்று உடனே தெரியும். வடிவம் தெரியாத நாடு என்றால் பக்கத்தின் மேற்பகுதியில் வேறு எழுத்துருவில் அச்சிட்டிருக்கும் அதே எண்ணைப் படித்து ஒப்பிடுவதைத் தவிர வழியில்லை. அதுவும் ஒத்துவராவிட்டால் மனிதக் கண்ணிடம் ஒப்படைப்பதே நேர்மை.

சரிபார்ப்பு இலக்கம் எட்டிப்பார்க்காத இடங்களும் இரண்டாம் வரியில் உண்டு. குடியுரிமைக்கும் பாலினத்துக்கும் தனி இலக்கம் கிடையாது, மொத்தக் கணக்கும் அவற்றைத் தாண்டிப் போய்விடுகிறது. நூற்றாண்டும் அப்படித்தான். காலாவதி `31` என்றால் 2031 என்று கொள்வதில் ஆபத்தில்லை. பாஸ்போர்ட்டுகளின் ஆயுள் வழக்கமாகப் பத்தாண்டைத் தாண்டுவதில்லை. பிறந்த வருடம் `24` என்று வந்தால் அது கைக்குழந்தையா நூறு வயதுப் பாட்டியா என்பதை இந்த வரியிலிருந்து சொல்லமுடியாது. மேலே முழு வருடமும் அச்சாகியிருக்கும், அங்கே பார்க்கவேண்டியதுதான்.

பெயர் வரிக்கு எந்தக் காவலும் இல்லை. 44 எழுத்தில் ஒன்றுக்குக்கூடச் சரிபார்ப்பு இலக்கம் கிடையாது. மொத்தக் கணக்கும் இரண்டாம் வரிக்கு மட்டுமே. கார்த்திக்கின் வாலில் முளைத்த மூன்று K இங்கேதான் தப்பியது. தப்பியதும் ‘கடைசியில் வரும் K-க்களை வெட்டிவிடலாமே’ என்றார் உடன் வேலை செய்தவர். வெட்டினோம். வால் அம்புக்குறிகளையும் K-க்களையும் ஒன்றாக வழித்தெடுத்த அந்த விதி, அசோக்கிடமும் கார்த்திக்கிடமும் இருந்த உண்மையான K-வையும் சேர்த்து விழுங்கியது. பிறகு கண்ட விதி கொஞ்சம் நிதானமானது: இயற்பெயர் தொடங்கியபின் முதல்முறை இரண்டு அம்புக்குறி சேர்ந்து வந்தால் பெயர் அங்கே முடிந்தது, அதற்குப்பின் எந்த எழுத்து வந்தாலும் குப்பை. நம் மாதிரியில் `KARTHIK<<` என்று வந்த இடத்திலேயே நிறுத்திவிடலாம். பெயரை ஒட்டியே முதல் அம்புக்குறி `K` ஆகிவிட்டால் இந்த விதியும் தோற்கும். அப்போதும் மேலே அச்சிட்ட பெயர்தான் சாட்சி.

இதைவிட ஓசையில்லாத பிழை ஒன்று உண்டு. குடும்பப் பெயருக்கும் இயற்பெயருக்கும் நடுவிலுள்ள இரட்டை அம்புக்குறியில் ஒன்று விழுந்துவிட்டால் `ANBUSELVAN<KARTHIK<<<` என்று ஆகும். இது பார்க்கவும் பிழையில்லை, விதிப்படியும் பிழையில்லை: இரண்டு சொல் கொண்ட குடும்பப் பெயர், இயற்பெயர் இல்லை. எந்தக் கணக்கும் இதைக் கண்டுபிடிக்காது. எழுத்துகளின் இடைவெளி ஒரே சீராக 2.54 மில்லிமீட்டர் என்பதால் `N`-உக்கும் `K`-க்கும் நடுவே எத்தனை கட்டம் இருக்கிறது என்று படத்தில் அளந்து பார்த்தால்தான் பிடிபடும். மூன்று கட்டத் தூரம் இருந்து ஒரே அம்புக்குறி படிக்கப்பட்டிருந்தால் ஒன்று தொலைந்திருக்கிறது.

தமிழர்களின் பெயருக்கு இங்கே கூடுதல் சிரமம். குடும்பப் பெயர் என்ற வழக்கமே நம்மில் பலருக்குக் கிடையாது. தந்தை பெயரின் முதலெழுத்தைத் தலைப்பாகப் போட்டுப் பழகியவர்கள், விண்ணப்பத்தில் அந்தக் கட்டத்தைக் காலியாக விட்டு ஒரே பெயரோடு பாஸ்போர்ட் வாங்கியிருப்பார்கள். ஆவணம் 9303-இன்படி ஒரே பெயர் உள்ளவருக்கு அது முதன்மைப் பெயராகப் பெயர்ப் பகுதியின் தொடக்கத்திலேயே வரும். பிறகு வால் முழுக்க அம்புக்குறி. அதாவது உண்மையிலேயே ஒற்றைப் பெயர்க்காரரின் வரியும், இரட்டை அம்புக்குறியில் ஒன்றைத் தொலைத்த வரியும் ஒரே சாயல். பாவம் நிரல், எதை நம்பும்? இது வெறும் அச்சுப் பிரச்சினை அல்ல. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம், குடும்பப் பெயரோ இயற்பெயரோ காலியாக உள்ள பாஸ்போர்ட்டோடு சுற்றுலா விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்தது. அமெரிக்க விசாவில் இயற்பெயர் இல்லாதவர்களுக்கு `FNU` என்று போட்டுத் தருகிறார்கள். ‘முதற்பெயர் தெரியவில்லை’ என்பதன் சுருக்கம் அது. நிரல் தன்பாட்டுக்கு ஒற்றைப் பெயரைக் கண்டுபிடித்தால் அதன் பலனை அனுபவிப்பவர் பயணி. எனவே ஒற்றைப் பெயர் என்று முடிவு வந்தால் எங்கள் நிரல் நிரப்பாது. திரையில் படத்தையும் வரியையும் காட்டிக் கேட்கும்.

இரண்டாம் வரியின் கணக்கெல்லாம் பொருந்திவிட்டால் பாஸ்போர்ட் உண்மையானது என்று நினைத்துவிடக்கூடாது. சூத்திரம் எல்லோருக்கும் தெரிந்தது. மேலே பார்த்த மூன்று வரி நிரலை வைத்து யாரும் பொருந்தும் இலக்கங்களைப் போட்டுக்கொள்ளலாம். நானே இந்தக் கட்டுரைக்காக அப்படித்தான் கார்த்திக்கின் வரியைச் செய்தேன். சரிபார்ப்பு இலக்கம் சொல்வது ‘அச்சிட்டதைச் சரியாகப் படித்தாய்’ என்பதை மட்டுமே.

சில்லு பதித்த இ-பாஸ்போர்ட் கையில் இருந்தால் கதை வேறு. இந்தியாவில் 2024 ஏப்ரலில் முன்னோட்டமாக இவை வரத்தொடங்கின. அந்தச் சில்லைக் கைபேசியின் என்.எப்.சி. வழியாகத் திறக்கப் பாஸ்போர்ட் எண், பிறந்த தேதி, காலாவதி தேதி மூன்றும் சேர்ந்ததே சாவி. அங்கே எழுத்துகள் கூட்டல் பெருக்கலாகப் போவதில்லை, மறையாக்கக் கலவைக்குள் அப்படியே போகின்றன. `6` இருக்கவேண்டிய இடத்தில் `G` இருந்தால் சில்லு திறக்காது. சரியாகப் படித்திருந்தால் திறந்து, உள்ளே பதிந்துவைத்திருக்கும் இரண்டு வரிகளையும் அம்புக்குறி உட்பட ஒரு புள்ளி பிசகாமல் தரும். காவல் இல்லாத பெயர் வரியையும் சேர்த்துத்தான். அதே காரணத்தால், பாஸ்போர்ட் பக்கத்தின் படத்தை வாட்ஸப் குழுவில் போடுபவர் தன் சில்லின் சாவியையும் கூடவே போட்டுவிடுகிறார். சில்லைத் திறக்கப் புத்தகம் கைபேசிக்குப் பக்கத்தில் இருக்கவேண்டும் என்பது மட்டுமே ஆறுதல். எங்களுக்கு வருவதோ பெரும்பாலும் வெறும் படம்; அதன் மூலையில் யாருடையதோ கட்டைவிரல்.